ஒரு வரி ஜோக்: கேட்பவரைத் தவறான வழியில் அனுப்புவது எப்படி?

[திரையில் வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன]

"கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. எங்களுக்குள் ஒரு நாள் சண்டை வந்ததில்லை. குறைந்தது ஒரு வாரம்."

[இரண்டாவது வரி மட்டும் திரையில் நிற்கிறது]

இந்த ஜோக்கில் பொய் எதுவும் இல்லை. இரண்டாவது வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "ஒரு நாள் சண்டை வந்ததில்லை." முதல் தடவை கேட்கும்போது, சண்டையே வந்ததில்லை என்று நாம் எடுத்துக்கொண்டோம். மூன்றாவது வரி வந்த பிறகு அதே சொற்களுக்கு வேறு கணக்கு வருகிறது: ஒரே நாளில் முடிந்த சண்டை இதுவரை வந்ததில்லை. சொன்னவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. தவறான பாதையில் போனது நாம்தான், அதுவும் நம் சொந்தக் காலால்.

இந்த வீடியோவில் பார்க்கப்போவது இதைத்தான். கேட்பவரின் ஊகத்தை ஒரு பக்கம் ஓடவிட்டு, சட்டென்று திருப்புகிற வேலை எங்கே நடக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது? மேடையில் பேசுகிறவர்கள் முதல் பாதியைச் செட்டப் என்பார்கள், திருப்பத்தைப் பஞ்ச் என்பார்கள். பலரும் பஞ்சைத்தான் உட்கார்ந்து செதுக்குவார்கள். என்னைக் கேட்டால், உழைப்பு முழுக்கச் செட்டப்பில்தான் இருக்க வேண்டும்.

[திரையில்: 1790, 1972]

சிரிப்பு எப்படி வருகிறது என்பதற்கு ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் 1790-இல் ஒரு விளக்கம் சொன்னார். இறுகிப்போய்க் காத்திருக்கும் எதிர்பார்ப்பு திடீரென்று ஒன்றுமில்லாமல் போகும்போது சிரிப்பு பிறக்கிறது என்றார். பாதி விஷயம் இதில் வந்துவிடுகிறது. ஆனால் எதிர்பார்ப்பு உடைந்தால் மட்டும் போதும் என்றால், "எங்களுக்குள் ஒரு நாள் சண்டை வந்ததில்லை. நாற்காலிக்கு நான்கு கால்." என்பதற்கும் சிரிப்பு வர வேண்டும். வராது. கேட்பவர் முழிப்பார், அவ்வளவுதான்.

மீதிப் பாதியை 1972-இல் உளவியலாளர் ஜெரி சல்ஸ் இரண்டு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதல் படியில் முடிவு நம் எதிர்பார்ப்போடு மோதுகிறது. இரண்டாவது படியில் மனசு பின்னோக்கி ஓடி, அந்த முடிவு எந்த வகையில் பொருந்துகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கண்டுபிடிப்பு இருந்தால்தான் சிரிப்பு.

அதாவது, கேட்பவர் கட்டாயம் செட்டப்புக்குத் திரும்பிப் போவார். அங்கே அவர் எதைப் பார்க்கப்போகிறார் என்பதுதான் கேள்வி. ஏமாற்று வேலையைப் பார்த்தாரென்றால் எரிச்சல் வரும். ஆரம்பத்திலிருந்தே கண் முன்னால் கிடந்த வேறொரு வழியைப் பார்த்தாரென்றால் சிரிப்பு வரும்.

[திரையில் இரண்டாவது ஜோக்]

"ராத்திரி மூன்று மணிக்குக் கத்த ஆரம்பித்தது. தட்டிப் பார்த்தேன், தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன், அடங்கவே இல்லை. கடைசியில் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்."

குழந்தை என்று யாரும் சொல்லவில்லை. நாமே நினைத்துக்கொண்டோம். இதற்குத் தமிழ் இலக்கணம் பெரிய உதவி செய்கிறது. எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் நிற்கும். குழந்தை என்பதும் நம் பேச்சில் "அழுதது", "தூங்கியது" என்றுதான் முடியும், அலாரமும் அப்படித்தான். வினைச்சொல்லின் முடிவு யாரையும் காட்டிக்கொடுக்காது.

இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்ப்போம். "கத்த ஆரம்பித்தது" என்று வைத்திருக்கிறேன். "அழ ஆரம்பித்தது" என்று போட்டிருந்தால் குழந்தை இன்னும் அழுத்தமாக மனசில் விழுந்திருக்கும். ஆனால் அலாரம் அழாது. திரும்பிப் பார்க்கிறவருக்கு அது பொய்யாகத் தெரியும். கத்துவது இரண்டுக்கும் பொருந்தும். அதே மாதிரி, "தட்டிக்கொடுத்தேன்" என்று எழுதத்தான் கை போகும். அலாரத்தை யாராவது தட்டிக்கொடுப்பார்களா? "தட்டிப் பார்த்தேன்" என்றால் குழந்தைக்கும் சரி, அலாரத்துக்கும் சரி. "தாலாட்டுப் பாடினேன்" என்று ஒன்று சேர்க்கலாமா என்று ஆசை வரும். சேர்த்தால் ஜோக் செத்தது.

இதை நான் திரும்பிப் படிக்கும் சோதனை என்று வைத்திருக்கிறேன். பஞ்ச் தெரிந்த பிறகு செட்டப்பின் ஒவ்வொரு சொல்லையும் புதிய அர்த்தத்தில் படியுங்கள். எல்லாம் உண்மையாக நிற்க வேண்டும். ஒரு சொல் இடறினாலும் அதைத்தான் மாற்ற வேண்டும், பஞ்சை அல்ல.

முதல் ஜோக்கிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. "ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை" என்று சொல்வதுதான் நமக்குப் பழக்கம். அந்தக் "கூட" நாளோடு ஒட்டிக்கொண்ட உடனே, எந்த நாளிலும் சண்டை இல்லை என்ற ஒரே அர்த்தம்தான் மிஞ்சும். பிறகு ஒரு வாரம் என்று சொன்னால் முன்னே சொன்னதை மறுத்தது போல ஆகிவிடும். "கூட"வை எடுத்துவிட்டால், "ஒரு நாள் சண்டை" என்பது இரண்டு பக்கமும் சாயும். பேச்சில் இரண்டும் ஒன்று போலத்தான் காதில் விழும், அதனால் கேட்பவருக்குச் சந்தேகம் வராது.

சிலேடையும் இதுவும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். நெருங்கிய சொந்தம்தான். சிலேடையில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும். அலாரம் ஜோக்கில் எந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் இல்லை, காட்சிதான் இரண்டு.

சரி, பொருந்தினால் மட்டும் போதுமா? போதாது. தவறான வழி, சரியான வழியைவிட அகலமாகத் தெரிய வேண்டும்.

[திரையில்: "கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது." மற்ற வரிகள் மங்குகின்றன]

முதல் வரியை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். "எங்களுக்குள் ஒரு நாள் சண்டை வந்ததில்லை. குறைந்தது ஒரு வாரம்." சிரிப்பு பாதியாகிவிடும். ஏனென்றால் "பத்து வருஷம்" என்று ஆரம்பித்தவுடனே அடுத்து வரப்போவது பெருமைப் பேச்சு என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுகிறார். பலர் வாயிலிருந்து பலமுறை கேட்ட பேச்சு அது. அந்தப் பழக்கம்தான் அவரை இழுத்துக்கொண்டு போகிறது. செட்டப்பை எழுதும்போது புதுமையாக எழுதத் தோன்றும். வேண்டாம். செட்டப் எவ்வளவு பழகியதாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கேட்பவர் முன்னால் ஓடுவார்.

அடுத்தது, திருப்பும் சொல் எங்கே விழ வேண்டும் என்பது. கடைசியில் விழ வேண்டும். தமிழில் இது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் கடைசி இடத்தில் வழக்கமாக வினைச்சொல் உட்கார்ந்திருக்கும். "குறைந்தது ஒரு வாரம் நீடிக்கும்" என்று சொன்னால், "வாரம்" என்றதும் சிரிப்பு கிளம்பும், "நீடிக்கும்" அதன் மேல் விழுந்து அமுக்கும். அதனால் வினையை வெட்டிவிட்டோம். தமிழில் வினை இல்லாமலும் வாக்கியம் நன்றாக நிற்கும்.

இன்னொரு வழி, வினைச்சொல்லையே திருப்பமாக்குவது.

[திரையில் மூன்றாவது ஜோக், கடைசிச் சொல் தாமதமாக வருகிறது]

"என் நண்பன் வாங்கிய கடனை, சொன்ன தேதியில், சரியாக மறந்துவிடுவான்."

"சரியாக" என்பது வரைக்கும் எல்லாம் நாணயமான ஆளைப் பற்றிய பேச்சு. "திருப்பிக் கொடுத்துவிடுவான்" என்று கேட்பவர் மனசுக்குள் முடித்தே விட்டார். அந்த ஒரு சொல்தான் மாறுகிறது. வினை கடைசியில் வரும் மொழியில் இது பெரிய வசதி. யார், எதை, எப்போது என்று எல்லாம் சொல்லியாகிவிடும், என்ன செய்தான் என்பது மட்டும் கையில் இருக்கும். என்னைப் பொறுத்தவரை தமிழில் ஒரு வரி ஜோக் எழுதுகிறவர்கள் முதலில் பழக வேண்டிய வடிவம் இதுதான்.

பேட்டரி ஜோக்கில் "பேட்டரியை" என்ற சொல்லிலேயே திருப்பம் வந்துவிடுகிறது, "கழற்றிவிட்டேன்" வால் போல நிற்கிறது. "கழற்றிவிட்டேன், பேட்டரியை" என்று புரட்டிப் பார்க்கலாம். ஆனால் "கழற்றி" என்ற உடனே இது குழந்தை இல்லை என்று தெரிந்துவிடும், சிரிக்க வேண்டிய சொல் அதற்கப்புறம்தான் வரும். அதனால் பழைய வரிசையிலேயே விட்டு, "கழற்றிவிட்டேன்" என்பதைத் தாழ்ந்த குரலில் வேகமாக முடிப்பது நல்லது.

[திரையில்: சொல்பவரின் முகம், நெருக்கத்தில்]

சொல்லும் விதத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். "ஒரு நாள் சண்டை வந்ததில்லை" என்பதை முடிந்த வாக்கியமாகச் சொல்ல வேண்டும். குரல் இறங்கி நிற்க வேண்டும், முகத்தில் பெருமை இருக்க வேண்டும். இழுத்தால், உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தால், ஏதோ வரப்போகிறது என்று கேட்பவர் உஷாராகிவிடுவார். நிறுத்தம் ஒரு மூச்சு அளவு போதும். அதற்கு மேல் போனால் அவர் ஊகிக்க ஆரம்பிப்பார்.

எடுபடாத ஜோக்கில் கோளாறு எங்கே என்று சிரிப்பு வரும் விதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். கேட்பவர் நீங்கள் முடிப்பதற்குள் புன்னகைத்துவிட்டால், செட்டப் பாதையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒரு சொல் கூடிப்போயிருக்கும், தேடி எடுங்கள். சிரிப்பு தாமதமாக, அங்கங்கே ஒவ்வொருவராக வந்தால், திரும்பிப் போகும் தூரம் அதிகம். புதிய அர்த்தத்துக்குப் போக இரண்டு படி யோசிக்க வேண்டியிருக்கிறது. சிலர் மட்டும் சிரித்தால், நீங்கள் நம்பிய ஊகம் எல்லோருக்கும் பொதுவானதாக இல்லை. மூன்று மணிக்குக் கத்துவது என்றதும் பூனை நினைவுக்கு வருகிறவரும் இருப்பார். அவருக்கும் பேட்டரி திருப்பம்தான், ஆனால் நாய், பூனை, பக்கத்து வீட்டுக்காரர் என்று மனசு பல பக்கம் சிதறியிருந்தால் எந்தப் பாதையும் ஆழமாக விழுந்திருக்காது.

அப்புறம், இந்த வகை ஜோக்குகளை வரிசையாகச் சொல்லும்போது ஒரு தொல்லை இருக்கிறது. மூன்றாவது, நான்காவதுக்கு வரும்போது கேட்பவர் முதல் அர்த்தத்தை நம்புவதையே நிறுத்திவிடுகிறார். செட்டப் காதில் விழும்போதே இரண்டாவது அர்த்தத்தைத் தேடுகிறார். அதனால் நடுவே திருப்பமே இல்லாத ஒன்றிரண்டு வரிகளைச் சாதாரணப் பேச்சாகப் பேசிவிடுங்கள். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ள அவர் மறுபடி பழகிய பிறகு அடுத்த செட்டப்பைத் தொடங்குங்கள்.