19,500 ரூபாய் போனுக்கு 10,148 ரூபாய் டிஸ்ப்ளே

நேயர் கேள்வி, நெல்லிக்குப்பத்திலிருந்து: "அண்ணா, 20 ஆயிரத்துக்குள்ள ரெண்டு போன் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு வளைஞ்ச டிஸ்ப்ளே, கேமரா, பிராசசர் எல்லாமே டாப்பு, ஆனா ஆன்லைன்ல மட்டும்தான் விக்குறாங்க. இன்னொண்ணு சாதா பிளாட் டிஸ்ப்ளே, ஸ்பெக் கொஞ்சம் கம்மி, கடலூர் கடையிலயே இருக்கு. எந்த பிராண்டு எடுக்கலாம்?"

வணக்கங்க. இந்தக் கேள்வியப் படிச்சதுல இருந்து எனக்கு ஒரே உறுத்தல். தம்பி கேமரா பாத்துட்டாரு, பிராசசர் பாத்துட்டாரு. கீழ விழுந்தா யாரு கையில குடுப்போம்னு பாக்கல. பதினேழு வருஷமா கடலூர் திருப்பாப்புலியூர்ல டேபிள் போட்டு உக்காந்து போன் கழட்டுறவன்ங்க நான். என்கிட்ட வர்றவங்கள்ல யாரும் பிராசசர் ஸ்லோவா இருக்குன்னு அழுதுக்கிட்டு வந்ததில்ல. டிஸ்ப்ளே போச்சுன்னு அழுதுக்கிட்டு வந்திருக்காங்க.

நம்மள ரெகுலரா பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியும். மொதல்ல டிஸ்ப்ளே வெலை, அப்புறம்தான் போன் வெலை. ஆமா, மறுபடியும் அதான். பேட்டரி உப்புனதப் பத்திப் பேசினப்பவும் இதைத்தான் சொன்னேன். இந்தத் தடவ பில்லோடயே சொல்றேன், ஏன்னா அடி பட்டது என் சொந்த மச்சான்.

மச்சான் ஓல்டு டவுன் துறைமுகத்துல ஏலக் கணக்கு எழுதுறவரு. காலையில எந்த போட்ல என்ன மீன் வந்துச்சுன்னு பாண்டி ஓட்டல்காரங்களுக்கு வாட்ஸப்ல போட்டோ அனுப்பணும், ஆர்டர் வாங்கணும். போன்தான் அவருக்கு தராசு. என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஆஃபர்ல 19,500 ரூபாய்க்கு ஒரு வளைஞ்ச டிஸ்ப்ளே போன் வாங்கிட்டாரு. வாங்கிட்டு வந்து காட்டுறாரு, நானும் அழகா இருக்குன்னுதான் சொன்னேன். எட்டாவது மாசம், கூடைய எடுக்க குனிஞ்சாரு, சட்டைப் பையில இருந்து நழுவி சிமெண்ட் தரையில ஓரமா விழுந்துச்சு. வளைஞ்ச டிஸ்ப்ளேல அந்த ஓரத்துலதான் கண்ணாடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். பிளாட் போன்ல மொதல்ல பிரேம் அடி வாங்கும், இதுல மொதல்ல கண்ணாடியே அடி வாங்கிடும்.

இதுல ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. கண்ணாடி மட்டும் தானே ஒடஞ்சுது, அத மட்டும் மாத்துங்கன்னு நெறய பேர் கேக்கறாங்க. மேல இருக்குற கண்ணாடி, டச், உள்ள இருக்குற பேனல், எல்லாத்தையும் ஒரு ஒட்டு வச்சு ஒண்ணா ஒட்டித்தான் கம்பெனி குடுக்குது. கடையில நாங்க காம்போன்னு சொல்றது அதத்தான். அதனால சர்வீஸ் சென்டர்ல கண்ணாடி மட்டும் மாத்த மாட்டாங்க, காம்போவா தான் மாத்துவாங்க. வெளிய சில கடையில மெஷின் வச்சு, சூடு காட்டி, கம்பி போட்டு அறுத்து, கண்ணாடிய மட்டும் பிரிச்சு புதுசு ஒட்டுவாங்க. பிளாட் டிஸ்ப்ளேன்னா அது ஓரளவு தேறும். வளைஞ்சதுல பேனலும் காகிதம் மாதிரி வளைஞ்சு இருக்கும், பிரிக்கும்போதே பல நேரம் பேனல் போயிடும். போனா கடைக்காரர் பொறுப்பு எடுத்துக்க மாட்டாரு, நானும் எடுத்துக்க மாட்டேன், உண்மையச் சொல்றேன். உங்க போன்ல கண்ணாடி மட்டும்தான் போச்சான்னு நீங்களே பாக்கலாம். படம் முழுசா தெரியுது, எல்லா மூலையிலயும் டச் வேல செய்யுதுன்னா கண்ணாடி மட்டும்தான். மை சிந்தினாப்ல ஒரு கருப்பு பரவிக்கிட்டே போகுது, இல்ல பச்சையா ரோஸா நீளத்துக்கு ஒரு கோடு நிக்குதுன்னா பேனல் காலி. மச்சானுக்கு கருப்பு பரவிடுச்சு.

சரி, சர்வீஸ் சென்டர். அந்த பிராண்டுக்கு கடலூர்ல சென்டர் இல்ல. பேரு வேணாம். பாண்டியில இருந்துச்சு. பஸ் ஏறிப் போனாரு. டோக்கன் போட்டாங்க, போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க, டிஸ்ப்ளே ஸ்டாக் இல்ல, சென்னையிலருந்து வரணும், ஒரு வாரம் ஆகும்னாங்க. அதுக்கு மேல ஆகி பதிமூணாம் நாள்தான் கெடச்சுது. நடுவுல மச்சான் பட்டன் போன வச்சுக்கிட்டு மீன் போட்டோ எப்படி அனுப்புவாரு? பையன் போன வாங்கி அனுப்பினாரு, பையன் ஸ்கூல் கிளம்புற வரைக்கும்தான் வியாபாரம்.

பில்லு சொல்றேன், எழுதிக்கங்க. டிஸ்ப்ளே 8,200, லேபர் 400, ஆக 8,600. அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,548. மொத்தம் 10,148. போன் வெலையில பாதிக்கு மேல. ரெண்டு தடவ பாண்டி போய் வந்தது, பதிமூணு நாள் போன் இல்லாதது, அதுக்கெல்லாம் பில்லு இல்ல.

அதே மாசம் எங்க கடை எதிர்ல தையல் கடை வச்சிருக்கற அக்கா போனும் விழுந்துச்சு. 18,000 ரூபாய் போன், பிளாட் டிஸ்ப்ளே. அதுவும் மச்சான் போன் மாதிரி அமோலெட்தான், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுற டிஸ்ப்ளே, நம்ம ஊர்லயே சென்டர் இருக்குற பிராண்டு. காலையில குடுத்தாங்க, சாயந்தரம் வாங்கிட்டு வந்துட்டாங்க, வரியோட 5,100. இப்ப கூட்டிப் பாருங்க. மச்சான் போன் 29,648 ஆச்சு, அக்கா போன் 23,100. கடையில வாங்கும்போது ரெண்டுக்கும் வித்தியாசம் 1,500தான் இருந்துச்சு. ஒரு தடவ விழுந்ததுல அது 6,548 ஆயிடுச்சு. ரெண்டுமே ஒரு தடவதான் விழுந்துச்சு, அத மறக்காதீங்க.

உடனே கேப்பீங்க, அண்ணே உங்க கடையில டூப்ளிகேட் போட்டுத் தர மாட்டீங்களான்னு. மச்சானும் கேட்டாரு, மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இருந்துச்சு. நான்தான் வேணாம்னேன். இந்த ரேஞ்சு அமோலெட் போன்கள்ல நெறய மாடலுக்கு கைரேகை சென்சார் டிஸ்ப்ளேக்கு அடியில இருக்கு. டிஸ்ப்ளே வெளிச்சத்துலயே விரல கண்ணாடி வழியா படம் புடிக்குது. சீப்பா வர்ற காப்பி எல்சிடி. எல்சிடிக்குப் பின்னாடி ஒளி தர்ற பலக ஒண்ணு இருக்கும், அதத் தாண்டி சென்சாரால பாக்க முடியாது, கைரேக செத்துப் போச்சு. சைடு பட்டன்ல கைரேகை இருக்குற போன்னா இந்தத் தொல்ல இல்ல. போட்ட டிஸ்ப்ளே காப்பியான்னு பாக்கணுமா? ராத்திரி லைட்ட அணைச்சுட்டு முழுக் கருப்பா ஒரு படம் வச்சுப் பாருங்க. ஒரிஜினல் அமோலெட்டுன்னா ஸ்க்ரீன் இருக்குறதே தெரியாது. எல்சிடி சாம்பல் கலர்ல மினுக்கும். ஏற்கனவே கடையில மாத்தினவங்க இன்னிக்கு ராத்திரியே பாருங்க, பாத்துட்டு என்னத் திட்டாதீங்க.

இப்ப நெல்லிக்குப்பம் தம்பி என்ன கேட்டிருக்கணும்னா, இந்த போனோட டிஸ்ப்ளே எவ்வளவு, எங்க கெடைக்கும், எத்தன நாள்ல கெடைக்கும்னு கேட்டிருக்கணும். இதுக்கு நான் வேணாம், போனே போதும். பெரிய கம்பெனிகள் பலது அவங்க வெப்சைட்லயே ஸ்பேர் பார்ட்ஸ் வெலை போட்டு வச்சிருக்காங்க. விவோ, ஓப்போ எல்லாம் மாடல் பேர் குடுத்தா டிஸ்ப்ளே, பேட்டரி, மதர்போர்டு தனித்தனியா காட்டும். மாடல் பேரு கரெக்டா இருக்கணும், ப்ரோ, ப்ளஸ், 5ஜின்னு ஒரு எழுத்து மாறினா வெலையும் மாறும். அடியில சின்ன எழுத்துல வரி, லேபர் சேத்தா சேக்காமலான்னு போட்டிருக்கும், அதையும் படிங்க. வெலைப் பட்டியலே போடாத பிராண்டுன்னா எனக்கு அங்கயே மனசு விட்டுப் போயிடும்.

அப்புறம் சென்டர். மேப்ல புள்ளி இருக்குன்னு நம்பாதீங்க, மூடிட்டுப் போன சென்டரும் மேப்ல நிக்கும். போன் போட்டுப் பேசுங்க. "இந்த மாடல் டிஸ்ப்ளே இப்ப கையில இருக்கா? இல்லன்னா எத்தன நாள்? நீங்களே மாத்துறீங்களா, இல்ல வாங்கி சென்னைக்கு அனுப்புறீங்களா?" இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். சில எடத்துல வாசல்ல மாட்டின போர்டுலதான் சர்வீஸ் சென்டர், உள்ள நடக்குறது பார்சல் ஆபீஸ் வேல.

ஐரோப்பாவுல 2025 ஜூன் 20ல இருந்து இதையெல்லாம் சட்டமாவே வச்சுட்டாங்க. முக்கியமான பார்ட்ஸ், மாடல் விக்குறத நிறுத்தின பிறகும் 7 வருஷம் கெடைக்கணும், கேட்டா 5ல இருந்து 10 வேலை நாளுக்குள்ள தரணும். பழுது பாக்க எவ்வளவு சுலபம்னு ஏ-ல இருந்து ஈ வரைக்கும் மார்க் போட்டு பெட்டியோடயே லேபிள் வருது. நம்ம ஊர்ல மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24ல பழுது பாக்கும் உரிமைக்குன்னு ஒரு தளம் தொடங்குச்சு. அதே மாதிரி மார்க் போடலாம்னு ஒரு குழு 2025 மே மாசம் அறிக்கையும் குடுத்துச்சு. இங்கயும் விக்குற மாடல் அங்கயும் வித்தா அந்த மார்க்க தேடிப் பாருங்க. ஆனா அங்க நல்ல மார்க் வாங்கின போனுக்கு பாண்டியில ஸ்டாக் இருக்கும்னு அர்த்தம் இல்ல, அத நீங்கதான் போன் பண்ணிக் கேக்கணும்.

பேட்டரி, சார்ஜிங் பின்னெல்லாம் பெரிய செலவு இல்ல, விடுங்க. மதர்போர்டுதான் இன்னொரு பூதம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை ஏறினப்ப பாண்டியில தண்ணி நின்ன நெலைக்கு, அடுத்த வாரம் எங்க டேபிள்ல வெறும் தண்ணி குடிச்ச போன்தான். தண்ணி உள்ள போனதுக்கு வாரண்டி கெடையாது, உள்ள ஒரு வெள்ள ஸ்டிக்கர் செவப்பா மாறிக் காட்டிக் குடுத்துடும். சர்வீஸ் சென்டர் போர்ட மொத்தமா மாத்தச் சொல்லும், அது டிஸ்ப்ளேவ விட வெலை. போட்டோ எல்லாம் அந்தப் பழைய போர்டுலயே இருக்கு, அதோட போச்சு. என்னை மாதிரி ஆளுங்க போர்டக் கழுவி, செத்துப் போன ஐசி சிப்ப மாத்தி உயிர் குடுப்போம், ஆனா அந்த மாடலோட ஐசி கெடைக்கணும். நெறய வித்த மாடலுக்கு செத்த போன்களே எங்ககிட்ட குவிஞ்சு கெடக்கும், அதுலருந்து எடுத்துப் போடுவோம். ஆன்லைன்ல மூணு மாசம் வித்துட்டு மறைஞ்சு போற மாடலுக்கு நான் எங்க போவேன்?

இன்சூரன்ஸ் எடுத்துக்கறேன்னு தம்பி சொல்லலாம். எடுங்க, வளைஞ்ச டிஸ்ப்ளேன்னா கட்டாயம் எடுங்க, போன் வாங்கின சில நாளுக்குள்ளயே எடுக்கணும். காசு அது தரும். ஸ்டாக் இல்லாத டிஸ்ப்ளேவ அதால வரவழைக்க முடியாது, மச்சானோட பதிமூணு நாள் அப்பவும் பதிமூணு நாள்தான்.

அதனால தம்பி, ரெண்டு மாடல் பேரையும் வச்சுக்கிட்டு அந்த ரெண்டு சென்டருக்கும் நாளைக்கு காலையில பத்து மணிக்கு மேல போன் போடுங்க. வளைஞ்ச போனோட டிஸ்ப்ளே வரியோட ஆறாயிரத்துக்குள்ள, ரெண்டு நாள்ல கெடைக்கும்னு சொன்னாங்கன்னா தாராளமா அதையே எடுங்க, கேமரா நல்லாத்தான் இருக்கு. இல்லன்னா கடலூர் கடையில இருக்குறத எடுங்க. எதச் சொன்னாங்கன்னு எனக்கும் எழுதுங்க, அடுத்த தடவ சொல்ல எனக்கு ஒரு பில்லு வேணும், மச்சான் பில்ல இனிமே வீடியோல காட்டக்கூடாதுன்னு வீட்ல உத்தரவு.