ஆயா வியாசர்பாடியில, அண்ணன் ரங்கூன்ல, தங்கச்சி பினாங்குல: குடும்ப ஆவணப்படத்துக்கு அவுட்லைன் போடறது எப்படி?

[காட்சி: தரையில விரிச்ச சார்ட் பேப்பர். பென்சிலால மூணு பத்தி கோடு போட்டிருக்கு. ஒரு கை வருஷங்களை எழுதுது.]

வியாசர்பாடியில பர்மாவுல இருந்து வந்த குடும்பங்கள் நிறைய. அதுல ஒண்ணை உதாரணமா வச்சுக்குவோம். ஆயாவுக்கு 75 வயசு, இங்கேயே இருக்காங்க. அவங்க அண்ணனுக்கு 81. அங்கேயே கல்யாணம் பண்ணி ரங்கூன்லயே தங்கிட்டாரு. தங்கச்சியைப் பினாங்குல கட்டிக் கொடுத்தாங்க. மூணு பேரையும் பேச வச்சு 24 நிமிஷப் படம் எடுக்கணும். கேமராவைத் தொடறதுக்கு முன்னாடி அவுட்லைன் போடணும்.

ஆளுக்கு 8 நிமிஷம்னு பிரிச்சு, பிறந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் வரிசையா சொல்ல வைக்கத்தான் முதல்ல தோணும். அப்படிப் போடாதீங்க. மூணு தனித்தனி பேட்டிதான் மிஞ்சும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தொடவே மாட்டாங்க. ஒரே வீட்டுல இருந்தவங்க எப்படிப் பிரிஞ்சாங்கங்கிறதே படத்துல இருக்காது. மூணு பேருக்கும் பொதுவான ஒரு நாளைப் பிடிங்க. இந்தக் குடும்பத்துக்கு அது, அண்ணனை விட்டுட்டு மத்தவங்க ரங்கூன்ல கப்பல் ஏறின நாள். படம் மொத்தமும் அந்த நாளைச் சுத்தித்தான் வரணும்.

[காட்சி: சார்ட்டுல 1962, 1964, 1973. ஒவ்வொரு வருஷத்துக்கும் நேரா மூணு பேரோட வயசு.]

அந்த நாளை எப்படிக் கண்டுபிடிக்கறது? இடது ஓரத்துல வருஷம் எழுதுங்க. அதுக்கு நேரா அந்த வருஷம் யார் எங்க இருந்தாங்க, என்ன வயசுன்னு எழுதுங்க. 1962-ல பர்மா ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சாரு. 1964-ல கடைகளை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்க. கடையும் போச்சு, கையில இருந்த காசும் போச்சு. கப்பல் கப்பலா ஜனங்க மெட்ராஸ் துறைமுகத்துல வந்து இறங்கினது அதனாலதான். 1964-ல அண்ணனுக்கு 20 வயசு, ஆயாவுக்கு 14, தங்கச்சிக்கு 6. இந்த மூணு வயசையும் மனசுல வச்சுக்கோங்க. 20 வயசுக்காரருக்குக் கடைக் கணக்கு ஞாபகம் இருக்கும். 6 வயசுப் பிள்ளைக்கு யாரோ கையில கொடுத்த ஆரஞ்சுப் பழம்தான் ஞாபகம் இருக்கும். யார்கிட்ட எதைக் கேட்கணும்னு அந்த வயசே சொல்லிடும்.

வருஷம் எழுதறப்பவே சிக்கலும் தெரிய ஆரம்பிக்கும். தங்கச்சி, அதாவது சின்ன ஆயா, "கல்யாணம் முடிஞ்சு ரஜூலா கப்பல்ல பினாங்கு போனேன்"னு சொல்றாங்கன்னு வைங்க. ரஜூலா ஓடினது 1973 வரைக்கும்தான். அப்போ அவங்களுக்கு 15 வயசு. அதுக்கப்புறம் மெட்ராஸ்ல இருந்து அந்த வழியில ஓடினது 'சிதம்பரம்' கப்பல். ஆக கப்பல் பேர் மாறியிருக்கலாம், இல்ல வயசைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். "தப்பா சொல்றீங்க"ன்னு அவங்களைத் திருத்தக் கூடாது. அன்னியோட பேச்சு நின்னுடும். பழைய பாஸ்போர்ட்ல முத்திரை குத்தின பக்கத்தை வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. தேதியைப் பார்த்ததும் அவங்களே, "அட, அது வேற கப்பலா?"ன்னு யோசிக்க ஆரம்பிப்பாங்க. அந்த யோசனையைப் படம் பிடிங்க. அவுட்லைன்ல அந்த இடத்துக்கு ஒன்றரை நிமிஷம் ஒதுக்கி வைக்கலாம்.

இன்னொரு குழப்பமும் வரும். பர்மாக் குடும்பங்கள்ல ரெண்டு ஓட்டம் உண்டு. ஜப்பான் சண்டையப்போ, 1942-ல, காட்டு வழியா நடந்து வந்தவங்க இருக்காங்க. 1964-க்கு அப்புறம் கப்பல்ல வந்தவங்க இருக்காங்க. ஆயாவோட அப்பா அப்போ நடந்து வந்து, சண்டை முடிஞ்சு திரும்பவும் பர்மா போனவரா இருக்கலாம். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, ஆயா அதைத் தன் கதையாவே சொல்லலாம். அவங்க பிறந்தது 1950. அதனால சார்ட்டுல 'கண்ணால பார்த்தது', 'கேட்டது'ன்னு ரெண்டு கலர் பென்சில்ல பிரிச்சுக் குறிங்க. கேட்டது வேண்டாம்னு இல்ல. அது வர்ற இடத்துல படத்துக்குள்ளேயே "எங்கப்பா சொல்லுவாரு"ங்கிற வார்த்தை விழணும், அவ்வளவுதான்.

[காட்சி: மூணு செல்போன் திரை. சென்னை காலை 9:00, ரங்கூன் 10:00, பினாங்கு 11:30.]

இப்போ கேள்வி. மூணு பேருக்கும் அச்சு மாறாம அதே அஞ்சு கேள்வி வேணும். "அப்போ எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா, "கஷ்டந்தான், என்ன பண்றது"ன்னு முடிச்சிடுவாங்க. "கப்பல் ஏறின அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க? யார் ஆக்கினது?"ன்னு கேளுங்க. "பெட்டியில என்னென்ன வச்சீங்க? எதை வெளிய எடுத்து வச்சீங்க?"ன்னு கேளுங்க. அப்போ நகை, பணம் கொண்டு வரக் கடும் கட்டுப்பாடு. அதனால இந்த ஒரு கேள்வியில நிறைய வெளியே வரும்.

இதுல ஒரு எடிட்டிங் சிக்கல் இருக்கு. உங்க குரலை வெட்டிட்டா, "ஒரு டிரங்குப் பெட்டி"ங்கிற பதில் மட்டும் அந்தரத்துல நிக்கும். கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கன்னு பெரியவங்களுக்குப் பாடம் எடுக்க முடியாது. "ஆயா, பெட்டி கட்டின கதையை முதல்ல இருந்து சொல்லுங்க"ன்னு கேட்டா அவங்களே முழுசா சொல்லிடுவாங்க. அவங்க முடிச்சப்புறம் மூணு செகண்ட் வாயைத் திறக்காதீங்க. நல்ல வாக்கியம் பெரும்பாலும் அங்கதான் வரும்.

ஆளுக்கு 45 நிமிஷமா ரெண்டு தடவை பேச வைங்க. மொத்தம் நாலரை மணி நேரம். அதுக்கு மேல அவங்களால உட்கார முடியாது, உங்களாலயும் கேட்டு எழுத முடியாது. ஒரு மணி நேரப் பேச்சை வார்த்தை விடாம எழுத நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். முதல் சுத்துல நேரத்தையும் விஷயத்தையும் மட்டும் ஒரு வரியா குறிச்சுக்கோங்க. அதுல தேறினதை மட்டும் முழுசா எழுதுங்க.

ரங்கூன் தாத்தாவுக்குத் தனித் திட்டம் வேணும். அங்க கரண்டும் நெட்டும் எப்போ போகும்னு சொல்ல முடியாது. வீடியோ கால் அறுந்தா, அதே கேள்விக்கு அவர் குரலைப் பதிவு பண்ணி, அங்க ஓடற ஆப்ல அனுப்பட்டும். அவுட்லைன்ல அவரோட ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்துல 'குரல் மட்டும் கிடைச்சா என்ன படம்?'னு ஒரு வரி எழுதி வைங்க. ஆயா அத்தோங்கிற பர்மா நூடுல்ஸைப் பிசையற கையா இருக்கலாம், பழைய போட்டோவா இருக்கலாம். இன்னிக்கு அங்க நடக்கற அரசியலைப் பத்தி அவர்கிட்ட கேட்காதீங்க. முகம் காட்டலாமா, பேர் போடலாமான்னு முன்னாடியே கேட்டுடுங்க.

[காட்சி: சார்ட்டோட கீழ்ப்பாதி. நாலு கட்டம்: 4, 9, 7, 4.]

இனி அடுக்கலாம். முதல் 4 நிமிஷம், "மூணு பேரும் கடைசியா ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டது எப்போ?"ங்கிற ஒரே கேள்வி. ஒருத்தர் வீட்டுலன்னுவாரு, ஒருத்தர் துறைமுகத்துலன்னுவாரு. யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்லாம அடுத்தடுத்து வைங்க. பர்மா பஜாரையும் அத்தோக் கடையையும் காட்டி ஆரம்பிக்கணும்னு கை துறுதுறுக்கும். அது ஊர்ப் படம் ஆயிடும், குடும்பம் பின்னால போயிடும். அடுத்த 9 நிமிஷம் பெட்டி கட்டினதும் கப்பலும். அப்புறம் 7 நிமிஷம் வியாசர்பாடி, பினாங்கு, ரங்கூன்ல தனித்தனியா ஓடின வாழ்க்கை. பாஸ்போர்ட் பக்கம் வர்றது இங்கதான்.

கடைசி 4 நிமிஷத்துக்கு, அதுவரைக்கும் எடுத்த பேச்சைப் போட்டுக் காட்டி மூணு பேரையும் ஒரே வீடியோ கால்ல கேட்க வைங்க. சென்னையில காலை 9 மணின்னா ரங்கூன்ல 10, பினாங்குல பதினொன்றரை. மூணு பேருக்கும் ஒத்து வர்ற நேரம் அது. ஒவ்வொரு வீட்டுலயும் இன்னொரு செல்போன் பக்கத்துலேயே குரலைப் பதிவு பண்ணணும். கால்ல வர்ற சத்தம் ரெண்டு பேர் சேர்ந்து பேசினா ஒருத்தரை அமுக்கிடும். அந்த நாலு நிமிஷத்துல மூணு பேரும் சேர்ந்துதான் பேசுவாங்க.