பையைப் பிரிச்சாலே தீபாவளி

நேயர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்ததும் சென்னை ஜவுளிக்கடைகளில் தீபாவளி விளம்பர வேலை சூடுபிடித்துவிடும். பல கடைகளில் முதலில் எழுதப்படுவது ஆங்கில வரிதான். அதை ஒப்புக்கொண்ட பிறகு, "தமிழ்லயும் ஒண்ணு போட்டுக் கொடுங்க" என்று கடைசி நாளில் மொழிபெயர்ப்பவரிடம் தள்ளிவிடுவார்கள். இன்று அப்படி ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எங்கே கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம்.

தி. நகரில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில வரி இது: 'அன்ராப் தி ஜாய் திஸ் தீபாவளி'. பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் குதூகலத்தை அந்த வரி காட்டுகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் என்ன வரும்? 'இந்தத் தீபாவளிக்கு மகிழ்ச்சியை அவிழ்த்திடுங்கள்.' அகராதிப்படி தவறில்லை. ஆனால் தமிழில் அவிழ்ப்பது முடிச்சை, அடுத்தபடியாக, வேட்டியை. துணிக்கடை வாசலில், ஆளுயரப் பலகையில், 'அவிழ்த்திடுங்கள்' என்று எழுதி வைத்தால் ஊர் சிரித்துவிடும். அந்தப் பலகையைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் துணி எடுக்க வரமாட்டார்கள்.

சரி, 'அவிழ்' வேண்டாம், 'பிரி' என்று போடலாம் என்பார்கள். பொட்டலத்துக்குப் பொருத்தமான வினை அதுதான். 'மகிழ்ச்சியைப் பிரியுங்கள்.' இதைக் காதால் கேட்டுப் பாருங்கள். 'பிரி' என்ற வினை தமிழில் இரண்டு. ஒன்று, பிரித்தான், பிரிப்பான் என்று போகும். அது கட்டைப் பிரிப்பது. மற்றது, பிரிந்தான், பிரிவான் என்று போகும். அது ஆளை விட்டு விலகுவது. இறந்த காலத்தில் தெளிவாக வேறுபடும் இந்த இரண்டும், 'பிரியுங்கள்' என்று ஏவலாக வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. 'பார்சலைப் பிரியுங்கள்' என்றால் குழப்பமில்லை, பார்சலை விட்டு யாரும் விலகப்போவதில்லை. 'மகிழ்ச்சியைப் பிரியுங்கள்' என்றால் மகிழ்ச்சியை விட்டுப் போய்விடுங்கள் என்றுதான் முதலில் காதில் விழும். பண்டிகை நாளில் இதைவிட அபசகுனமான வாசகம் கிடைக்காது.

இந்த இரண்டு தவறுகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஆங்கிலத்தில் மகிழ்ச்சியை ஒரு பொருள் மாதிரி கையில் எடுக்கலாம், திறக்கலாம், பகிரலாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நம் பேச்சில் அது அப்படி நடமாடுவதில்லை. 'எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு' என்போம். சந்தோஷம் ஆளுக்கு வரும், வீட்டில் இருக்கும், முகத்தில் தெரியும். அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. விளம்பரத் தமிழ் இதை உணராமல் 'மகிழ்ச்சியை' என்று இரண்டாம் வேற்றுமை போட்டுவிட்டு, அந்தப் பொருத்தமின்மையை மறைக்க வினையின் வாலில் ஓர் 'இடுங்கள்' ஒட்டுகிறது. கொண்டாடிடுங்கள், மகிழ்ந்திடுங்கள், அள்ளிடுங்கள். வீட்டில் எந்த அம்மாவும் பிள்ளையிடம் 'சாப்பிட்டு மகிழ்ந்திடு' என்று சொன்னதில்லை. வரைவில் 'இடுங்கள்' தென்பட்டால் அந்த வரியைத் திருத்த முயல வேண்டாம். அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவதே நல்லது.

எப்படி எழுதுவது? ஆங்கிலத் தாளை மூடி வைத்துவிட்டு, அந்த வரி காட்ட நினைக்கும் காட்சி தமிழ் வீட்டில் எப்போது நடக்கிறது என்று தேட வேண்டும். மினுக்குத் தாள் சுற்றிய பரிசுப்பெட்டியும் ரிப்பனும் நம் தீபாவளியில் பெரிய பங்கு வகிப்பதில்லை. வரிசையாக விளக்கேற்றுவதும், தமிழ்நாட்டு வழக்கில், கார்த்திகைக்குத்தான் அதிகம் சொந்தம். நம் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியல், மூலையில் மஞ்சள் தடவிய புதுத்துணி, வெடி, பட்சணம். ஆனால் கடைக்கு வேண்டிய காட்சி அதற்குச் சில நாள் முந்தியது. கடைக்குப் போனவர்கள் திரும்பி வருகிறார்கள். பில் போட்டு, வாயைச் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்த பை கூடத்தில் இறங்குகிறது. பிள்ளைகள் சுற்றி உட்காருகிறார்கள். யாரோ பின்னைப் பிய்த்துப் பையைப் பிரிக்கிறார்கள். பண்டிகை வர இன்னும் நாள் இருக்கிறது, வீட்டுக்குள் அப்போதே வந்துவிட்டது. ஆங்கில வரி சொல்ல வந்ததும் இதுதான்.

இப்போது இந்தக் காட்சியை வீட்டில் எப்படிச் சொல்வோமோ அப்படி நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். முதலில் எல்லார் நாக்கிலும் வருவது, 'தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?' சுத்தமான பேச்சு. காய்கறியை வாங்குவோம், துணியையும் நகையையும் எடுப்போம் என்ற வழக்கும் அதில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. குறை ஒன்றுதான்: இது எந்தத் துணிக்கடைக்கும் பொருந்தும், இந்தக் கடைக்கென்று ஒன்றும் சொல்லவில்லை, பிரிக்கும் காட்சியும் போய்விட்டது. அடுத்தது, 'பையைப் பிரிச்சதும் தீபாவளி'. காட்சி வந்துவிட்டது. ஆனால் 'பிரிச்சதும்' என்பது முதலில் இது, பிறகு அது என்று நேரத்தைத்தான் சொல்கிறது. அதையே 'பிரிச்சாலே' என்று மாற்றுங்கள். 'பையைப் பிரிச்சாலே தீபாவளி!' அந்த 'ஆலே', இது ஒன்று நடந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறது. எழுவாயும் கட்டளையும் 'உங்கள்' என்ற ஒட்டும் இல்லாமல் வரி நிற்கிறது.

'பை' என்பதற்குப் பதில் 'பெட்டி' என்று போட்டால் ஓசை கூடும். பெ, பி என்ற இரண்டும் மோனைக்குப் பொருந்தும் இன எழுத்துகள். 'பை'க்கும் 'பி'க்கும் அந்தப் பொருத்தம் இல்லை. இருந்தாலும் 'பை'யே இருக்கட்டும் என்பேன். கடை கையில் கொடுப்பது பைதான். பலகையைப் பார்க்கிறவர் கையிலும் அதே பை தொங்கிக்கொண்டிருக்கும். மோனைக்காகப் பொருளை மாற்றினால் வரி அழகாகவும் பொய்யாகவும் இருக்கும். 'வாங்க, வாங்க' என்ற சிலேடையும் வேண்டாம் என்பேன். வருவதற்கும் வாங்குவதற்கும் ஒரே ஒலி என்பது நல்ல விளையாட்டுதான், ஆனால் தெருவுக்கு நாலு கடை அதை ஏற்கெனவே தேய்த்துவிட்டது.

அடுத்து எழுத்துக்கூட்டல். பேச்சுத் தமிழை அப்படியே எழுதினால் ஊருக்கு ஊர் மாறும். பண்டிகை வந்துவிட்டது என்பதைச் சென்னையில் 'வந்துடுச்சு' என்பார்கள், மதுரைப் பக்கம் 'வந்துருச்சு' என்பார்கள். கடைக்கு இரண்டு ஊரிலும் கிளை இருந்தால் எதை எழுதுவது? இரண்டையும் விட்டு 'வந்தாச்சு' என்று போட வேண்டும், அது எல்லா ஊருக்கும் பொது. நம் வரியில் உள்ள 'பிரிச்சா'வும் பெரும்பாலான வட்டாரங்களில் அப்படித்தான் ஒலிக்கிறது, அதனால் தைரியமாக எழுதலாம். ஆனால் பெயர்ச்சொல்லில் கை வைக்கக் கூடாது. பலர் 'தீவாளி' என்றுதான் சொல்கிறோம். 'பையை' என்பதும் வாயில் 'பைய' ஆகிவிடுகிறது. பலகையில் 'பைய' என்று எழுதினால் மெதுவாக என்ற சொல்லாகப் படித்துவிடுவார்கள். எனவே பெயரும் வேற்றுமையும் ஏட்டு வழக்கில், வினை மட்டும் பேச்சு வழக்கில். வண்டியில் போகிறவர் ஒரு பார்வையில் படிக்க வேண்டும் என்றால் இந்தக் கலவைதான் கைகொடுக்கும்.

வரி தயாரான பிறகு ஒப்புதல் வாங்க வேண்டும், பாதி வரிகள் சாவது இங்கேதான். முடிவெடுப்பவர் தமிழ் படிக்காதவராக இருக்கலாம். அவரிடம் தமிழ் வரியை மட்டும் நீட்டினால், 'ஜாய் எங்கே, திஸ் எங்கே' என்று சொல் எண்ணுவார். அதனால் மூன்று வரிகள் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் நேர்ப்பொருளை ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதற்கும் கீழே, தமிழ்க் காதில் அது என்ன செய்கிறது என்று ஒரு வாக்கியம். நம் வரிக்கு அந்த வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'ஒருவர் சந்தோஷமாக இருந்தால், இன்னிக்கு அவருக்குத் தீபாவளிதான் என்று தமிழில் சொல்வது வழக்கம், ஆகவே தீபாவளி என்ற சொல்லிலேயே ஜாய் வந்துவிடுகிறது.' 'திஸ்' விடுபட்டதற்கு விளக்கம் இன்னும் எளிது: ஐப்பசியில் பார்க்கிறவர் எந்தத் தீபாவளி என்று கேட்கப் போவதில்லை. சொல்லுக்குச் சொல் வைத்த வரியையும், தேர்ந்தெடுக்க அல்ல, எச்சரிக்கையாக மட்டும் கடைசியில் சேர்த்து, அதில் என்ன கோளாறு என்று எழுதிவிடுங்கள். மறுநாள் யாராவது அதையே கேட்டு வராமல் இருக்கும்.

ஒப்புதலுக்கு முன்பு ஒரு சோதனை. விற்பனைப் பிரிவில் நிற்கிற ஐந்தாறு பேரிடம் வரியைக் காட்டாமல், தொலைபேசியில் ஒரே முறை சொல்லுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க' என்று கேளுங்கள். சொல் மாறாமல் திரும்பி வந்தால் வரி நாக்கில் ஒட்டுகிறது. 'பையைப் பிரிச்சதும்' என்று மாற்றிச் சொன்னால் நீங்கள் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தவில்லை. ஒருவர் தயங்கி 'என்னது?' என்று கேட்டாலும் அந்தத் தயக்கம் எந்தச் சொல்லில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு வரிக்குக் கீழே வரும் சலுகை வரிக்கு இந்தப் பேச்சுச் சுதந்திரம் கிடையாது. ஆங்கிலத்தில் 'அப் டு 50 பர்சென்ட்' என்று இருந்தால் தமிழில் '50% வரை தள்ளுபடி'. பேச்சு ஓட்டத்துக்காக அந்த 'வரை'யை விட்டுவிட்டால், எல்லாத் துணிக்கும் பாதி விலை என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். பில் போடும் இடத்தில் சண்டை வரும், அதில் வாடிக்கையாளர் பக்கம்தான் நியாயம் இருக்கும். வடிவமைப்பில் அந்த 'வரை'யைப் பொடி எழுத்தில் ஒளித்தாலும் அதே சண்டைதான்.

கடைசியாக அச்சு. வரியை இரண்டாக உடைப்பதானால் 'பையைப் பிரிச்சாலே' மேலே, 'தீபாவளி!' கீழே. 'பையைப்' என்பதோடு உடைத்தால் தனியாகத் தொங்கும் 'ப்' அச்சுப்பிழை போலத் தோன்றும். வடிவமைப்பவர் அதை நீக்கியும் விடுவார். தமிழைச் சரியாகக் கையாளாத வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நம் தலைப்பு வரியில் 'பை', 'யை', 'லே' என்று அப்படிக் கெடக்கூடிய எழுத்துகள் மூன்று. சலுகை வரியில் 'வரை' இருக்கிறது. ஆகவே அனுப்பிய கோப்பைப் பார்த்தால் போதாது, அச்சுக்குப் போகும் இறுதிப் படத்தைக் கேட்டு வாங்கி, எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். வானொலிக்கு அதே வரியைப் பதிவு செய்யும்போது 'பிரிச்சாலே' மேல் அழுத்தம் விழட்டும், 'தீபாவளி' முடிந்ததும் ஒரு மூச்சு இடைவெளி விட்டுக் கடையின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். இடைவெளி இல்லாவிட்டால் கடைப்பெயர் தீபாவளியோடு ஒட்டி, பாதிப் பெயர்தான் கேட்கும்.

வணக்கம்.