எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குக் கொடுத்தது?

வணக்கம் நேயர்களே. பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் உப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சோடியம் தன் வெளிக்கூட்டில் இருக்கும் ஒரே எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுக்கிறது, அதனால் சோடியம் நேர்மின் அயனி, குளோரின் எதிர்மின் அயனி, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, இது அயனிப் பிணைப்பு என்று சொல்லி முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், ஒரு உப்புக்கல்லுக்குள்ள எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குக் கொடுத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

கண்டுபிடிக்கவே முடியாது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

உப்புப் படிகத்துக்குள் ஒரு சோடியம் அயனியின் மேல் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஒரு குளோரைடு. இடப்பக்கம் ஒன்று. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக ஆறு. ஆறும் ஒரே தூரத்தில், ஒரே வலுவோடு இழுக்கின்றன. சரி, ஒரு குளோரைடின் மேல் உட்கார்ந்து பார்த்தால்? அதைச் சுற்றியும் ஆறு சோடியம். இதில் யார் யாருக்கு ஜோடி? ஜோடியே கிடையாது. கொடுத்த எலக்ட்ரான் கொடுத்ததுதான். அதன் பிறகு, நேர்மின் எல்லாம் எதிர்மின்னை எல்லாத் திசையிலும் இழுக்கின்றன, அவ்வளவே. அதனால்தான் உப்புப் படிகத்துக்குள் 'உப்பு மூலக்கூறு' என்று ஒன்றைத் தனியாகக் காட்ட முடியாது.

இதை ஏற்றுக்கொள்ளப் பெரிய வேதியியலாளர்களே சிரமப்பட்டிருக்கிறார்கள். 1913இல் லாரன்ஸ் பிராக், எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார். சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருகின்றன அல்லவா, அந்தப் பலகையை மேலும் கீழும் அடுக்கிக்கொண்டே போனால் எப்படியோ, அப்படித்தான் உப்பு என்று தெரிய வந்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்தும் ஒருவருக்கு மனம் ஆறவில்லை. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற ஆங்கில வேதியியலாளர், எண்பதை நெருங்கிய வயதில், 1927இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். உப்பில் சோடியம் குளோரைடு மூலக்கூறே இல்லை என்பது பொது அறிவுக்கே ஒவ்வாத பேச்சு என்று கடுமையாகச் சாடினார். எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. வாழ்நாள் முழுக்க மூலக்கூறு, மூலக்கூறு என்று சிந்தித்தவர் அவர். அந்த மாணவி கேட்டதும் ஆம்ஸ்ட்ராங் கேட்டதும் ஒரே கேள்விதான். அவர் மறுக்கக் கேட்டார், இவள் அறியக் கேட்டாள்.

அப்புறம், 'கொடுக்கிறது' என்ற சொல். சோடியம் ஏதோ மனமுவந்து தானம் செய்வதுபோல் அது கேட்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று எண்கள்தான் சொல்லப்போகிறேன், எழுதிக்கொள்ள வேண்டாம். தனித்தனி அணுக்களாக இருக்கும் சோடியத்தில், ஒரு மோல் அளவுக்கு எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க 496 கிலோஜூல் செலவாகும். அதைக் குளோரின் அணுக்கள் வாங்கிக்கொள்ளும்போது கிடைக்கும் வரவு 349தான். ஆக 147 கிலோஜூல் துண்டு விழுகிறது. கொடுக்கல் வாங்கலோடு கதை முடிந்தால் இது நஷ்டக் கணக்கு. உப்பு உண்டாகவே கூடாது.

ஆனால் உண்டாகிறது. குளோரின் நிரம்பிய ஜாடியில் சூடான சோடியத்தை இறக்கினால், பளீரென்ற மஞ்சள் சுடரோடு எரிந்து வெள்ளைப் புகையாக உப்பு படியும். அந்த வெப்பம் எங்கிருந்து வந்தது? பிரிந்து கிடக்கும் அயனிகள் ஒன்றையொன்று ஆறு பக்கமும் சூழ்ந்து படிகமாக அடுக்கப்படும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 787 கிலோஜூல். துண்டு விழுந்ததை அடைத்துவிட்டு மிச்சமும் இருக்கிறது. அயனிப் பிணைப்பின் பலம், கொடுத்ததில் இல்லை. கொடுத்த பிறகு கூடி நின்றதில் இருக்கிறது.

இனி பகிர்தலுக்கு வருவோம். இரண்டு குளோரின் அணுக்கள் சந்திக்கின்றன. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் ஏழு, எட்டு நிரம்ப இரண்டுக்கும் இன்னும் ஒன்று வேண்டும். யார் கொடுப்பது? குளோரினிடமிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க சோடியத்துக்கு ஆனதைப் போல இரண்டரை மடங்கு செலவு. யாரும் கொடுக்கப் போவதில்லை. அதனால் ஆளுக்கு ஒன்றை நடுவில் வைக்கின்றன. அந்த ஜோடியை இரண்டு அணுக்கருக்களும் தம் பக்கம் இழுக்கின்றன, அந்த இழுப்பிலேயே இரண்டும் கட்டுண்டு நிற்கின்றன. இதுதான் சகப்பிணைப்பு.

இங்கே மாணவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்று உண்டு. ஏழும் ஏழும் பதினான்கு. அப்படியிருக்க ஆளுக்கு எட்டு, மொத்தம் பதினாறு எப்படி வரும்? ஒட்டிக் கட்டிய இரண்டு அறைகளை நினைத்துப் பாருங்கள். ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர். ஆனால் மொத்தச் சுவர் எட்டு அல்ல, ஏழு. நடுச்சுவர் இரண்டு அறைக்கும் கணக்கில் வருகிறது. நடுவில் இருக்கும் எலக்ட்ரான் ஜோடியும் அப்படித்தான். இங்கே ஜோடி உண்டு, இந்தக் குளோரின் அந்தக் குளோரினோடுதான் என்று சுட்டிக்காட்டலாம். மூலக்கூறு என்ற சொல் இங்கேதான் பொருந்துகிறது.

இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, பென்சிலுக்குள் இருக்கும் கரிக்குச்சி இரண்டு போதும். காய்ந்த உப்பில் குச்சிகளை நட்டால் பல்பு எரியாது. அயனிகள் உள்ளே இருக்கின்றன, ஆனால் நகர வழியில்லை. காய்ச்சி வடித்த நீரில் அதே உப்பைக் கரைத்தால் எரியும். சர்க்கரையை எவ்வளவு கரைத்தாலும் எரியாது. சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, உள்ளே பகிர்ந்த ஜோடிகள் அப்படியே இருக்கின்றன, மின்சுமை தாங்கி நகர ஆளில்லை. ஒன்று சொல்ல வேண்டும்: உப்புக் கரைசலில் குச்சியை நீண்ட நேரம் வைக்காதீர்கள். கொஞ்சம் குளோரின் வாயு கிளம்பும். சில நொடி போதும், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும், சர்க்கரை இருநூறைத் தொடுமுன்பே இளகிவிடும். இதை வைத்துச் சகப்பிணைப்பு பலவீனமானது என்று எழுதுகிறார்கள். தவறு. சர்க்கரை இளகும்போது முதலில் தளர்வது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான பிடிப்பு. வைரம் முழுக்கச் சகப்பிணைப்புதான், அதை உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது, ஒரு நிமிடம்தான் இருக்கிறது. சமமில்லாத பகிர்வைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், ஒரே உதாரணத்தோடு நிறுத்துகிறேன். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் பகிர்ந்த ஜோடி குளோரின் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும். பகிர்வுதான், ஆனால் பாதிப் பாதி அல்ல. அந்த வாயுவை டொலுவீன் என்ற திரவத்தில் கரைத்தால் பல்பு எரியாது. தண்ணீரில் கரைத்தால் ஜோடியை முழுக்கக் குளோரினிடமே விட்டுவிட்டு, ஹைட்ரஜன் நேர்மின்சுமையோடு நீர் மூலக்கூறிடம் போய்விடுகிறது, பல்பு எரிகிறது. மூலக்கூறு அதேதான், கரைப்பான் மட்டும்தான் மாறியது. வணக்கம்.