ஒரு பாடத்திலாவது 35-க்குக் கீழே போன மாணவர்களை எக்செல்லில் எடுப்பது எப்படி?

கேள்வி: "சார், நான் சென்னையில் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. 42 பிள்ளைகள், ஐந்து பாடம். அரையாண்டு மார்க்கை எக்செல்லில் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பாடத்திலாவது 35-க்குக் கீழே எடுத்தவர்கள் யார் யார் என்று எடுக்க Filter போட்டேன். இரண்டு பேர்தான் வருகிறார்கள். கையால் எண்ணினால் 13 பேர். எங்கே தப்பு செய்கிறேன்?"

வணக்கம் டீச்சர். ஷீட்டையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று, அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் தமிழ் நெடுவரிசையில் Filter போட்டு 35-க்குக் கீழே என்று கொடுத்தீர்கள், நான்கு பேர் வந்தார்கள். அதை எடுக்காமல் கணிதத்திலும் அதையே கொடுத்தீர்கள். இரண்டாவது Filter அந்த நான்கு பேருக்குள்தான் தேடும். அதனால் தமிழிலும் கணிதத்திலும் சேர்ந்து போன இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஐந்து பாடத்துக்கும் போட்டால் ஐந்திலும் போனவர் மட்டும்தான் வருவார். உங்களுக்கு வேண்டியது ஏதாவது ஒன்றில் போனவர். அதை நெடுவரிசைக்கு நெடுவரிசை Filter போட்டு எடுக்க முடியாது.

அதற்குப் பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷீட்டில் B-யில் பெயர், C-யிலிருந்து G வரை தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல். H காலியாக இருக்கிறது. முதல் மாணவர் இருக்கும் இரண்டாவது வரியில், H2-வில் இதை அடியுங்கள்.

```
=COUNTIF(C2:G2,"<35")
```

அந்த வரியில் 35-க்குக் கீழே எத்தனை மார்க் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். மேற்கோள் குறி இல்லாமல் அடித்தால் ஏற்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். H2-வின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பிடித்து 43-வது வரி வரைக்கும் இழுத்துவிடுங்கள். இப்போது H-ல் மட்டும் Filter போட்டு 0-வின் டிக்கை எடுத்துவிட்டால் பட்டியல் வந்துவிடும். இன்னொரு வசதி, H-ல் 1 இருந்தால் ஒரு பாடம், 3 இருந்தால் மூன்று பாடம். சிறப்பு வகுப்புக்கு ஆள் பிரிக்க உதவும்.

சரி, நான் போட்டுப் பார்த்தேன். 12 பேர் வந்தார்கள். நீங்கள் சொன்னது 13. ஒருவர்தானே விட்டுப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் சிவப்பு மையில் குறித்த தாளின் படத்தோடு பெயர் பெயராக ஒத்துப் பார்த்தால் அப்படியில்லை. உங்கள் 13-ல் இரண்டு பேர் என் பட்டியலில் இல்லை. என் 12-ல் ஒருவர் உங்கள் பட்டியலில் இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

விட்டுப்போன முதல் ஆள், ஆங்கிலத் தேர்வுக்கு வராத பையன். அவனுக்கு AB என்று போட்டிருக்கிறீர்கள். AB என்பது எழுத்து, COUNTIF "<35" எண்களை மட்டும்தான் பார்க்கும். சிலர் இதற்காக 0 என்று போட்டுவிடுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. வராதவனும் 0 வாங்கியவனும் ஒன்றாகிவிடுவார்கள், வகுப்புச் சராசரியும் இறங்கும். AB அப்படியே இருக்கட்டும், சூத்திரத்தைக் கொஞ்சம் நீட்டலாம்.

```
=COUNTIF(C2:G2,"<35")+COUNTIF(C2:G2,"A*")
```

A-வில் தொடங்கும் எதையும் இது சேர்த்து எண்ணும். ஒருவர் AB என்றும் இன்னொருவர் Absent என்றும் அடித்திருந்தாலும் பிடித்துவிடும்.

இரண்டாவது ஆள், கணிதத்தில் 31 எடுத்த மாணவி. கண்ணுக்கு 31 என்றுதான் தெரிகிறது, ஆனால் அது எண் இல்லை, எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. பாட ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டும்போது இப்படி ஆகும். கணிதத்தில் தனியாக Filter போட்டபோது 9 பேர் வந்ததாகவும் எழுதியிருந்தீர்கள் இல்லையா, உண்மையில் 10. அங்கேயும் இந்தப் பிள்ளைதான் நழுவியிருக்கிறது. எண்ணாக இருந்தால் கட்டத்தில் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக இருந்தால் இடது பக்கம். நீங்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்திருப்பதால் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் I2-வில் இன்னொரு சின்ன வேலை செய்யுங்கள்.

```
=COUNT(C2:G2)
```

இதையும் கீழே இழுத்துவிடுங்கள். எண்ணாக இருப்பதை மட்டும் எண்ணும், எல்லோருக்கும் 5 வர வேண்டும். உங்கள் ஷீட்டில் இரண்டு வரியில் 4 வருகிறது. ஒன்று AB பையன், அது சரி. இன்னொன்று இந்த 31. மார்க் போட மறந்து காலியாக விட்ட கட்டம் இருந்தாலும் இங்கே 4 வந்து காட்டிக்கொடுக்கும். காலிக் கட்டத்தை H கண்டுகொள்ளாது, அந்தப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் தேறியது போல நிற்கும். 31-ஐச் சரிசெய்ய, Home-ல் அந்தக் கட்டம் Text என்று இருந்தால் General என்று மாற்றிவிட்டு, மார்க்கைத் திரும்ப ஒருமுறை கையால் அடித்துவிடுங்கள், போதும்.

அப்புறம் அந்த மூன்றாவது ஆள். இதுதான் கொஞ்சம் சங்கடமான விஷயம். அறிவியலில் அவனுக்கு 35 என்று தெரிகிறது, நீங்கள் தேர்ச்சி என்று விட்டுவிட்டீர்கள். எக்செல் தேறவில்லை என்கிறது. கட்டத்தைத் தொட்டு மேலே பார்த்தால் =26*100/75 என்று இருக்கிறது. அறிவியல் எழுத்துத் தேர்வு 75-க்கு நடந்ததை 100-க்கு மாற்றியிருக்கிறீர்கள். 26-ஐ மாற்றினால் 34.67. தசமம் காட்ட வேண்டாம் என்று வைத்திருப்பதால் திரையில் 35 ஆகத் தெரிகிறது, உள்ளே 34.67 அப்படியே இருக்கிறது. சூத்திரம் பார்ப்பது உள்ளே இருப்பதை.

அவன் தேறினானா இல்லையா என்று நான் சொல்ல முடியாது, எக்செல்லும் சொல்லக் கூடாது. தலைமையாசிரியரிடம் கேளுங்கள். முழு எண்ணாக்குவதுதான் உங்கள் பள்ளி வழக்கம் என்றால், அவனுக்கு மட்டும் இல்லாமல் அறிவியல் நெடுவரிசை முழுவதிலும் இப்படிச் செய்யுங்கள்.

```
=ROUND(26*100/75,0)
```

26 என்ற இடத்தில் அவரவர் மார்க். அப்போது உள்ளேயும் 35 ஆகிவிடும், பட்டியலில் 13 பேர் வருவார்கள், பெயரும் உங்கள் தாளோடு ஒத்துப்போகும். முழு எண்ணாக்கக் கூடாது என்றால் 14 பேர். அப்படியானால் தசமம் இரண்டு இடம் தெரியும்படி வைத்துவிடுங்கள், பெற்றோர் வந்து "35 போட்டிருக்கே டீச்சர்" என்று கேட்டால் காட்டலாம்.

பட்டியலைத் தனி இடத்தில் எடுத்து அச்சடிக்க வேண்டுமானால், கூகுள் ஷீட்ஸிலும் எக்செல் 2021-லும் இந்த ஒரு வரி போதும். பள்ளிக் கணினியில் பழைய எக்செல் இருந்தால் இது வேலை செய்யாது, H-ல் Filter போட்டு வருவதை நகலெடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

```
=FILTER(B2:H43,H2:H43>0)
```