மாறுதல் வேண்டாம், விலகுகிறேன்: ஜூலை 5-ஆ, ஜூலை 6-ஆ?

வணக்கம். என் ராஜினாமாவுக்கு மனிதவளத் துறையின் பதில் வந்துவிட்டது! நேற்று மாலை வந்தது. அதில் "தங்கள் கடைசிப் பணி நாள் ஜூலை 6" என்று எழுதியிருக்கிறார்கள். 5 இல்லை, 6. இந்த ஒரு நாளுக்காக நான் பட்ட பாட்டைச் சொல்லாமல் இன்று கேமராவை அணைக்கப் போவதில்லை.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு வேறு நகரத்திற்கு மாறுதல் ஆணை வந்தது. இங்கிருந்தே அந்த வேலையைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார்கள். போகப் பிடிக்கவில்லை, விலகுகிறேன். அவ்வளவுதான். ஏன் போகப் பிடிக்கவில்லை என்று கருத்துப் பகுதியில் கேட்டால் பதில் வராது. என் அலுவலகத்திற்கே அந்தக் காரணத்தைச் சொல்லவில்லை, உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்வேன்?

சொல்லாததற்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் சொன்னால் பேரம் தொடங்கிவிடும். அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதினால், அங்கே பெரிய மருத்துவமனை இருக்கிறதே என்பார்கள். பிள்ளையின் படிப்பு என்று எழுதினால், அடுத்த கல்வியாண்டில் போங்களேன் என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள், அதுதான் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, முடிவு எடுத்துவிட்டவர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவரைப் போலத் தெரியத் தொடங்குவார். "குடிபெயர இயலாது" என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் அதற்கு மேல் பிடித்து இழுக்க எதுவும் இருக்காது.

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்கள் எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். மூன்று பத்தி நன்றி, இரண்டு பத்தி வருத்தம், கடைசியில் ஓர் ஓரமாக ராஜினாமா! அதிலும் "விலக விரும்புகிறேன்" என்று முடிப்பார்கள். விருப்பம் தெரிவிப்பது வேறு, விலகுவது வேறு. அதைப் படிக்கும் மேலாளர் "விருப்பத்தைப் பரிசீலிக்கிறோம்" என்று ஒரு வாரம் வைத்திருந்தால், நோட்டீஸ் காலம் என்றைக்குத் தொடங்கியது? அதைவிட மோசமான வகை ஒன்று உண்டு: "மாறுதலை ரத்து செய்யாவிட்டால் இதையே என் ராஜினாமாவாக ஏற்கவும்." இது ராஜினாமாவும் இல்லை, கோரிக்கையும் இல்லை. மாறுதலை ரத்து செய்யச் சொல்லிக் கேட்பதானால் அதைத் தனிக் கடிதமாக முதலில் கேளுங்கள். பதில் வரட்டும். பிறகு விலகுங்கள்.

சரி, என் கடிதத்தைப் படிக்கிறேன். அதற்கு முன் தேதிகள். ஆணையில் இருந்த தேதி ஜூன் 3. புதிய இடத்தில் சேர வேண்டிய நாள் ஜூன் 22. என் நோட்டீஸ் காலம் 30 நாள். இது பணி நியமனக் கடிதத்தில் இருக்கிறது. நான் கடிதம் கொடுத்தது ஜூன் 6.

"பொருள்: ராஜினாமா, கடைசிப் பணி நாள் ஜூலை 6.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

ஜூன் 3 தேதியிட்ட மாறுதல் ஆணை கிடைத்தது. வேறு நகரத்திற்குக் குடிபெயர என்னால் இயலாது என்பதால் மாறுதலை ஏற்க இயலவில்லை. என் பணியை ராஜினாமா செய்கிறேன். நியமனக் கடிதத்தின்படி 30 நாள் நோட்டீஸ் காலம் ஜூன் 7 அன்று தொடங்கி ஜூலை 6 அன்று முடிகிறது. அதுவே என் கடைசிப் பணி நாள்.

புதிய இடத்தில் சேர வேண்டிய ஜூன் 22 இந்த நோட்டீஸ் காலத்திற்குள் வருகிறது. எனவே ஜூலை 6 வரை இப்போதைய அலுவலகத்திலேயே பணியாற்ற அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுத்தில் உறுதிசெய்தால் உதவியாக இருக்கும்.

என் பொறுப்பிலுள்ள வேலைகளை முறையாக ஒப்படைப்பேன். இங்கே கற்றுக்கொண்டவற்றுக்கும் குழுவினரின் ஒத்துழைப்புக்கும் நன்றி."

முடிந்தது. நன்றி ஒரே வரிதான், ஆனால் உண்மையான வரி. "அநியாயமான மாறுதல்" என்று எங்கும் இல்லை, "கனத்த இதயத்துடன்" என்றும் இல்லை. என் இதயம் கனக்கவில்லை.

இந்தக் கடிதத்தின் உயிர் இரண்டாவது பத்தியில் இருக்கிறது, மாதிரிக் கடிதங்களில் இல்லாததும் அதுதான். யோசித்துப் பாருங்கள். ராஜினாமா கொடுத்த பிறகும் ஜூலை 6 வரை நான் ஊழியர்தான். மாறுதல் ஆணையும் உயிரோடுதான் இருக்கிறது. ஜூன் 22 காலையில் நான் பழைய இருக்கையில் உட்கார்ந்திருந்தால், புதிய அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் நான் ஆள் வராதவர். யாராவது மனது வைத்தால் அதை அனுமதியில்லாமல் வேலைக்கு வராதது என்று எழுதலாம், ஆணையை மீறியது என்று எழுதலாம். அழகாக விலகப் போனவர் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்தோடு விலகுவார், அனுபவச் சான்றிதழிலும் அதன் நிழல் விழும். சேர வேண்டிய தேதி நோட்டீஸ் காலம் முடிந்த பிறகு வந்தால் இந்தப் பத்தியே வேண்டாம். உள்ளே வந்தால் கட்டாயம் வேண்டும்.

அவர்கள் மறுத்தால்? அனுமதி என்றுதான் கேட்டிருக்கிறேன், அவர்கள் கொடுக்காமலும் இருக்கலாம். அதற்காக மனதில் இரண்டு மாற்று வழிகள் வைத்திருந்தேன். ஒன்று, ஜூன் 22-க்கு முன்பே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு என்னை விடுவிப்பது. மீதி நாட்களுக்குச் சம்பளம் உண்டா, அல்லது நோட்டீஸ் குறைந்ததற்காக என்னிடம் பிடிப்பார்களா என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிவிட வேண்டும். இன்னொன்று, அந்த இரண்டு வாரம் அலுவலகச் செலவில் அங்கே போய் வேலை செய்துவிட்டு வருவது. இவற்றைக் கடிதத்தில் எழுதவில்லை. மாற்று வழியை நாமே எழுதிக்கொடுத்தால் முதல் வழியை யார் படிப்பார்கள்?

ஒன்றை மறந்துவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். கடிதம் அனுப்புவதற்கு முன் அன்று காலையே மேலாளரிடம் நேரில் சொன்னேன். மின்னஞ்சலைத் திறந்து அவர் அதிர்ச்சி அடையக் கூடாது. "ஆறு மாதம் மட்டும் போய் வாருங்களேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். "கேட்டதற்கு நன்றி சார். என் முடிவு மாறாது. இன்று கடிதம் அனுப்புகிறேன்" என்றேன். பிறகு அவர் வேறு மாதிரிக் கேட்டார், நான் அதே மூன்று வாக்கியத்தைத் திரும்பச் சொன்னேன். புதிய வாக்கியம் கொடுத்தால் புதிய கேள்வி வரும்.

இப்போது அந்தப் படிவம். அப்பாடா, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

கடிதம் போதாதாம், மனிதவளத் துறையின் இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டுமாம். "விலகும் காரணம்" என்று ஒரு பட்டியல். சிறந்த வாய்ப்பு, உயர்கல்வி, உடல்நலம், சொந்தக் காரணம், இதர. மாறுதலை ஏற்கவில்லை என்று ஒன்று இல்லை! மாறுதல் ஆணை போட ஒரு துறையே இருக்கிறது, அதனால் ஒருவர் விலகலாம் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சொந்தக் காரணம் என்று போட்டு முடித்துவிடுங்கள் என்று ஒரு சக ஊழியர் சொன்னார். மாட்டேன். கடிதத்தில் ஒன்று, படிவத்தில் வேறொன்று இருந்தால், நாளை கேள்வி எழும்போது எது உண்மை? "இதர" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பெட்டி திறந்தது. எழுதினேன். "சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை" என்றது. முற்றுப்புள்ளி சிறப்புக் குறியாம்! என் வாழ்நாளில் முற்றுப்புள்ளியை யாரும் இப்படிக் கௌரவப்படுத்தியதில்லை. புள்ளியே இல்லாமல் "மாறுதலை ஏற்க இயலாததால் விலகுகிறேன் கடிதம் இணைப்பில்" என்று எழுதி உள்ளே தள்ளினேன்.

அடுத்த கட்டத்தில்தான் அந்த 5. கடைசி நாளைப் படிவம் தானே கணக்குப் போட்டு ஜூலை 5 என்று காட்டியது, மாற்றவும் விடவில்லை. கடிதம் கொடுத்த ஜூன் 6-ஐயே அது முதல் நாளாக எண்ணுகிறது. நான் மறுநாளிலிருந்து எண்ணினேன். ஜூனில் 24 நாள், ஜூலையில் 6 நாள், மொத்தம் 30. ஒரு நாள்தானே என்பீர்கள். நோட்டீஸ் ஒரு நாள் குறைந்தது என்று கணக்குத் தீர்க்கும்போது ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்தால்? 5-ஆம் தேதியோடு என் உள்நுழைவை முடக்கிவிட்டு, 6-ஆம் தேதி வரவில்லை என்றால்? படிவத்தின் திரையைப் படம் பிடித்தேன். மனிதவளத் துறைக்கு ஒரு வரி எழுதினேன்: "படிவம் ஜூலை 5 என்றும் கடிதம் ஜூலை 6 என்றும் காட்டுகின்றன. எதைக் கடைசி நாளாகக் கொள்கிறீர்கள் என்று உறுதிசெய்யவும், இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்." சண்டையே இல்லை பாருங்கள். எனக்கு வேண்டியது இரண்டு இடத்திலும் ஒரே தேதி. நேற்று வந்த பதிலில் 6 என்று முடிவாகிவிட்டது, அதுவரை இங்கேயே பணியாற்றலாம் என்றும் எழுதிவிட்டார்கள். உடனே ஒரு நகலை என் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். கடைசி நாளன்று அலுவலக மின்னஞ்சல் மூடிக்கொண்டால் என் ஆதாரமும் அதோடு போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கடிதத்தை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பழிவாங்கத்தான் மாற்றினார்கள் என்று வழக்காடப் போகிறீர்கள் என்றால், நன்றி சொல்லித் தானாக விலகும் கடிதம் உங்களுக்கே எதிராகப் பேசும். அலுவலகமே மொத்தமாக இடம் பெயர்கிறது, அல்லது நியமனக் கடிதத்தில் மாறுதல் பற்றிய விதியே இல்லை என்றாலும் பொறுங்கள். சில நாடுகளில் அப்படிப்பட்டவர்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு, தானாக விலகினால் அது கைநழுவிப் போகலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டுங்கள். குடிபெயர்வுக்கான முன்பணத்தை ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதைத் திருப்பித் தரும் வரியையும் கடிதத்திலேயே சேருங்கள். நான் வாங்கவில்லை.

அடுத்த வீடியோ ஒப்படைப்புப் பட்டியல். யாரிடம் எதைக் கொடுத்தேன், அவர் எங்கே கையெழுத்திட்டார் என்று ஒவ்வொரு வரியாகக் காட்டுகிறேன். மடிக்கணினியின் வரிசை எண்ணை இப்போதே போய்க் குறித்துவைக்க வேண்டும். வருகிறேன்.