நான்கு புள்ளி மூன்று என்பது நான்கரை

நேயர்களுக்கு வணக்கம். கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று சில கணக்குகளைச் சேர்ந்து போட்டுப் பார்க்கப்போகிறோம்.

ஒரு அணி 4.3 ஓவரில் 36 ரன் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரன் ரேட் என்ன? கால்குலேட்டரில் 36-ஐ 4.3-ஆல் வகுத்தால் 8.37 என்று வரும். உண்மையான விடை 8. ஸ்கோர் அட்டையில் உள்ள 4.3 என்பது நான்கு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து என்பதால் மூன்று பந்து என்றால் அரை ஓவர். ஆக அந்த அணி ஆடியது நான்கரை ஓவர், 36-ஐ 4.5-ஆல் வகுத்தால்தான் 8 கிடைக்கும். நான்கு மணி முப்பது நிமிடத்தை யாரும் 4.30 மணி நேரம் என்று வைத்துப் பெருக்குவதில்லை, நான்கரை மணி என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். ஓவருக்கும் அதே நியாயம்தான்.

மாற்றும் முறை எளிது. புள்ளிக்கு முன்னால் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பதை ஆறால் வகுத்துக் கூட்ட வேண்டும். ஒரு பந்துக்கு 0.167, இரண்டுக்கு 0.333, மூன்றுக்கு 0.5, நான்குக்கு 0.667, ஐந்துக்கு 0.833. ஸ்கோர் அட்டையின் புள்ளியை அப்படியே தசமமாக எடுத்துக்கொண்டால், ஆடிய ஓவர் எப்போதும் குறைவாகவே கணக்கில் வரும்; அதனால் ரன் ரேட் எப்போதும் கூடுதலாகவே தெரியும். தவறு ஒரே பக்கமாகச் சாய்வதால், பல ஆட்டங்களைக் கூட்டினாலும் ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளாது. பந்துவீச்சாளருக்கு இது அநியாயமாகவே முடிகிறது. 3.5 ஓவரில் 23 ரன் கொடுத்தவர் 23 பந்து வீசியிருக்கிறார், அவருடைய எக்கானமி சரியாக 6. தவறான கணக்கு அதை 6.57 ஆக்கிவிடும்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் இந்தக் கணக்கில் திரும்பி வரும் வழி ஒன்று இருக்கிறது. தசமத்திலிருந்து மீண்டும் பந்துக்கு வருவது. அங்கேதான் விவரம் தெரிந்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். அதை விளக்க 2023 ஆசியக் கோப்பையை எடுத்துக்கொள்கிறேன். செப்டம்பர் 5-ஆம் தேதி லாகூரில் இலங்கையும் ஆப்கானிஸ்தானும் மோதிய ஆட்டம் அது.

அந்தப் பிரிவில் மூன்று அணிகள், அவற்றில் இரண்டுக்குத்தான் அடுத்த சுற்றில் இடம். இலங்கை வங்கதேசத்தை வென்றிருந்தது, வங்கதேசம் ஆப்கானிஸ்தானை வென்றிருந்தது. கடைசி ஆட்டத்தில் இலங்கை 50 ஓவரில் 291 ரன் எடுத்தது. ஆப்கானிஸ்தான் வென்றால் மூன்று அணிகளும் சம புள்ளி. நிகர ரன் ரேட்தான் முடிவு செய்யும். வங்கதேசத்தின் நிகர ரன் ரேட் கூட்டல் 0.373, அதற்குக் கவலை இல்லை. மீதி ஒரு இடத்துக்கு இலங்கையும் ஆப்கானிஸ்தானும் போட்டி. அப்படியானால் 292 என்ற இலக்கை ஆப்கானிஸ்தான் எத்தனை ஓவருக்குள் எட்ட வேண்டும்? அன்று அறிவிக்கப்பட்ட விடை 37.1 ஓவர். இந்த எண் எப்படி வந்தது என்று நாமே போட்டுப் பார்ப்போம்.

நிகர ரன் ரேட் என்பது, தொடர் முழுவதும் ஒரு அணி எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுத்து, அதிலிருந்து கொடுத்த ரன்னைப் பந்துவீசிய ஓவரால் வகுத்ததைக் கழித்தால் வருவது. ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு அணி எல்லா விக்கெட்டையும் இழந்துவிட்டால், அது உண்மையில் ஆடிய ஓவரை விட்டுவிட்டு முழு 50 ஓவரையும் கணக்கில் வைக்க வேண்டும். வங்கதேசத்திடம் ஆப்கானிஸ்தான் 44.3 ஓவரில் 245 ரன்னுக்குச் சுருண்டது. அது 50 ஓவராகவே நிற்கும். இலங்கையிடம் வங்கதேசம் 42.4 ஓவரில் 164-க்குச் சுருண்டது. அதுவும் 50 ஓவர்தான்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். ஆப்கானிஸ்தான் இரண்டு ஆட்டங்களில் கொடுத்தது 334-உம் 291-உம், மொத்தம் 625 ரன், 100 ஓவரில். அதாவது ஓவருக்கு 6.25. இலங்கை எடுத்தது 39 ஓவரில் 165, 50 ஓவரில் 291. மொத்தம் 89 ஓவரில் 456, ஓவருக்கு 5.1236. இந்த இரண்டும் ஏற்கெனவே முடிந்துபோனவை, மாறாதவை. இனி மாறக்கூடியது ஆப்கானிஸ்தானின் துரத்தல் ஒன்றுதான். 292 எடுத்துவிட்டால் அதன் மொத்தம் 537. இலங்கை கொடுத்த மொத்தமோ 164-உம் 292-உம் சேர்ந்து 456. இலங்கை எடுத்ததும் கொடுத்ததும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல், குழம்ப வேண்டாம்.

இரண்டுக்கும் வகுக்கும் ஓவர் ஒன்றேதான் என்பது நம் நல்ல காலம்: முதல் ஆட்டத்தின் 50 ஓவரோடு இந்தத் துரத்தலின் ஓவர். ஆப்கானிஸ்தானின் நிகர ரன் ரேட் இலங்கையுடையதைத் தாண்ட வேண்டுமென்றால், 537-ஐயும் 456-ஐயும் கூட்டிய 993-ஐ அந்த மொத்த ஓவரால் வகுக்கும்போது, 6.25-உம் 5.1236-உம் சேர்ந்த 11.3736-ஐவிட அதிகமாக வர வேண்டும். 993-ஐ 11.3736-ஆல் வகுத்தால் 87.3075. அதில் 50 போனால் 37.3075. அந்த அளவைத் தொடாமல் ஆட்டம் முடிய வேண்டும்.

இங்கேதான் நிற்க வேண்டும். கால்குலேட்டர் 37.3 என்று காட்டுகிறது. அவசரத்தில் இருப்பவர் 37 ஓவர் 3 பந்து என்று வாசித்துவிடுவார். அது தவறு. இது தசம ஓவர். இதைப் பந்தாக்க வேண்டுமானால் புள்ளிக்குப் பின்னால் உள்ள 0.3075-ஐ ஆறால் பெருக்க வேண்டும். வருவது 1.845. முழுதாக வீசக்கூடியது ஒரு பந்து மட்டுமே. இரண்டாவது பந்து எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே விடை 37.1 ஓவர். இரண்டு பந்து வித்தியாசம் சாதாரணமாகத் தெரியலாம். 292-ஐ 37.2 ஓவரில் எட்டியிருந்தால் ஆப்கானிஸ்தானின் நிகர ரன் ரேட் கழித்தல் 0.101, இலங்கையுடையது கழித்தல் 0.098. ஆட்டத்தை வென்றும் அந்த அணி வெளியேறியிருக்கும். 37.3 என்று தப்பாக வாசித்தவரோ, கையில் இன்னும் ஒரு பந்து மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். எல்லை காணும்போது 1.845-ஐ இரண்டாக முழுமையாக்கவும் கூடாது. கீழே உள்ள முழு எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அன்று நடந்தது இன்னும் வேதனையானது. 37 ஓவர் முடிவில் ஆப்கானிஸ்தான் 8 விக்கெட் இழப்புக்கு 289. ரஷீத் கான் மறுமுனையில் நிற்கிறார். ஒரே பந்தில் மூன்று ரன் வேண்டும். தனஞ்சய டி சில்வா வீசிய அந்தப் பந்தைத் தூக்கி அடித்த முஜீப் உர் ரஹ்மான் கேட்ச் ஆனார். கதை முடிந்தது என்று அணி நினைத்துவிட்டது. அடுத்து வந்த ஃபசல்ஹக் ஃபரூக்கி பந்துகளைத் தடுத்து ஆடினார், 37.4-இல் அவரும் ஆட்டமிழக்க, இலங்கை 2 ரன்னில் வென்றது.

ஆனால் கதை முடிந்திருக்கவில்லை. 37.1 என்பது சரியாக 292-இல் ஆட்டம் முடிந்தால் மட்டுமே பொருந்தும் எல்லை. ஸ்கோர் 289 ஆக இருக்கும்போது ஒரு சிக்ஸர் விழுந்தால் மொத்தம் 295. நாம் போட்ட கணக்கில் கூடுதலாக வரும் ஒவ்வொரு ரன்னும் ஆப்கானிஸ்தான் எடுத்ததிலும் இலங்கை கொடுத்ததிலும் சேர்வதால், 993 இரண்டிரண்டாக ஏறும். இரண்டை 11.3736-ஆல் வகுத்தால் 0.176 ஓவர், பந்துக் கணக்கில் ஒன்றுக்குச் சற்றே கூடுதல். அதாவது ஒவ்வொரு கூடுதல் ரன்னும் ஏறக்குறைய ஒரு பந்தை வாங்கித் தருகிறது. 295-க்கான எல்லை 37.8350. மறுபடியும் அதே வேலை: 0.8350-ஐ ஆறால் பெருக்கினால் 5.01. ஐந்து பந்து! 37.5 ஓவர் வரை நேரம் இருந்தது. ஃபரூக்கி சந்தித்த பந்துகளில் எது சிக்ஸருக்குப் போயிருந்தாலும் ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். ஒரு ரன் எடுத்து ரஷீத் கானை எதிர்முனைக்குக் கொண்டுவந்திருந்தாலும் வாய்ப்பு உயிரோடு இருந்திருக்கும். இந்த மாற்று எல்லைகள் தங்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்று பயிற்சியாளர் ஜோனாதன் ட்ராட் ஆட்டத்துக்குப் பிறகு கூறினார். அந்த வீரர்களுக்காக எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. ஐந்து வரிகளில் ஒரு பட்டியல் தயாராக இருந்தால் போதும்: 293 என்றால் 37.2, 294 என்றால் 37.3, 295 என்றால் 37.5, 296 என்றால் 38, 297 என்றால் 38.1.

உங்கள் ஊர் லீக் போட்டிக்கு நீங்கள் ஸ்கோரராக இருந்து, கணினியில் அட்டவணை போடுபவராக இருந்தால், என் வேண்டுகோள் ஒன்று. ஓவரைத் தசமமாக்கிச் சேமிக்காதீர்கள், பந்தாக்கிச் சேமியுங்கள். 4.3 என்பது 27 பந்து. கூட்டுவது கழிப்பது எல்லாம் பந்திலேயே நடக்கட்டும். ரன் ரேட் வேண்டும்போது ரன்னை ஆறால் பெருக்கிப் பந்தால் வகுத்துக்கொள்ளலாம். A1 கட்டத்தில் 4.3 இருந்தால் சூத்திரம் இதுதான்:

```
=INT(A1)*6+ROUND((A1-INT(A1))*10,0)
```

அதில் ROUND கட்டாயம் வேண்டும். கணினி 4.3-இலிருந்து 4-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கும்போது, உள்ளே 3-க்கு மயிரிழை குறைவான ஓர் எண்ணை வைத்திருக்கும். அதை INT கொண்டு வெட்டினால் மூன்று பந்து இரண்டு பந்தாகிவிடும், திரையிலோ எதுவும் தெரியாது.

வேறொருவர் போட்ட அட்டவணை கைக்கு வந்தால், ஓவர் பத்தியை முதலில் கண்ணால் ஓட்டுங்கள். புள்ளிக்குப் பின்னால் 6, 7, 8, 9 என்று எங்காவது இருந்தால் யாரோ ஓவர்களை நேராகக் கூட்டியிருக்கிறார்கள், அல்லது ஏற்கெனவே தசமமாக மாற்றியிருக்கிறார்கள். 42.4-உம் 44.3-உம் கூட்டினால் 87.1 ஓவர் வர வேண்டும், 86.7 என்று இருந்தால் முதல் வகைத் தவறு. 4.667 என்று இருந்தால் மாற்றி முடித்தது. அதை இன்னொரு முறை மாற்றிவிடாதீர்கள். சிக்கலானது 4.5 மட்டும். அது நான்கு ஓவர் ஐந்து பந்தா, மாற்றி முடித்த நான்கரையா என்று எண்ணைப் பார்த்து ஒருபோதும் சொல்ல முடியாது. பந்துக்குப் பந்து எழுதிய ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து, வைடையும் நோ-பாலையும் விட்டுவிட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். நன்றி, வணக்கம்.